‘ரத்தத்திலேயே ஊறியது’ என்று சொல்லாதீர்கள்: ஒரு கானா தாளத்தின் கணக்கு

“உங்களுக்கெல்லாம் தாளம் ரத்தத்திலேயே ஊறியது தோழர்.” நம் மேடைகளில் கானா பாடி முடித்தவனைத் தோளில் தட்டி இப்படிச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். சபா வாசலில் நிற்கும் ரசிகரோ, “கானாவா? மேசையைத் தட்டினா வந்துடுமே” என்பார். முதலாவது அன்பு, இரண்டாவது இளக்காரம் என்று நாம் பிரித்துப் பார்க்கிறோம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே படுகிறது. யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை, எண்ணவில்லை, அடித்துப் பார்த்துத் திருத்தவில்லை, அது தானாக வருகிறது என்பதுதான் இரண்டிலும் உள்ள செய்தி.

தொழில் பிறப்போடு வருகிறது என்பது யாருடைய கோட்பாடு என்று இந்தத் தளத்தைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல்கீழாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அம்பேத்கர் விளக்கினார். அந்தப் பிரிவினை இசையில் வேலை செய்யும் விதம் கொஞ்சம் நுட்பமானது. மிருதங்கத்தில் மூன்றை வைத்துச் செய்தால் அது திஸ்ரம். அதற்குக் குரு உண்டு, பாடத்திட்டம் உண்டு, தேர்வு உண்டு. அதே மூன்றை வியாசர்பாடியிலோ ஓசூரிலோ ஒருவன் டேப்பில் அடித்தால் அது ரத்தம். அந்த மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, வார் பிடித்துச் செய்து தருகிறவர்களின் கதையைத்தான் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று 2020-இல் புத்தகமாக எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றதும் அப்போதுதான். கணக்கு ஓரிடத்தில், கை வேறிடத்தில் என்று பங்கு போட்டே பழகியவர்களுக்கு, கைக்குள்ளேயே கணக்கு இருப்பதை ஒப்புக்கொள்வது சிரமம்.

எனவே ஒரு கணக்கை இங்கே பிரித்து வைக்கிறேன். ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருக்கும் சில தம்பிகள் ஏப்ரல் 14 நிகழ்ச்சிக்காக ஒரு கானா கட்டினார்கள். முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தொழிலாளர் குடியிருப்புகளில் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்ததால் அந்தத் தாளம் உருவான நாட்களில் நானும் பக்கத்தில் இருந்தேன். கானா வடசென்னையில் பிறந்தது, சாவு வீட்டு இரவுகளில் வளர்ந்தது, தொண்ணூறுகளில் தேவாவின் பாடல்கள் வழியாகத் திரையில் பரவியது என்பதெல்லாம் தெரிந்த செய்தி. அது ஓசூருக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்கள் இரவுப்பணி முடிந்து வரும் கம்பெனிப் பேருந்தில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் அந்தப் பேருந்தில் எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்த பாட்டு பெரும்பாலும் கானாதான்.

முதல் சண்டை தாளத்தைப் பற்றி வரவில்லை, கருவியைப் பற்றி வந்தது. நிகழ்ச்சியை நடத்தும் தோழர்களில் மூத்தவர் ஒருவர், பறை இல்லாமல் அம்பேத்கர் விழாவா, பறைதானே நம் அடையாளம் என்றார். குழுவில் தாளம் போடுகிற தம்பி ஒரே வரியில் முடித்துவிட்டான்: “நான் குச்சியத் தொட மாட்டேண்ணா.” அவன் ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிராமம். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் போய் அடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அவன் அப்பா காலத்தில்தான் சேரி மொத்தமாக மறுத்து நிறுத்தியிருக்கிறது. மறுத்ததற்கு என்னென்ன அனுபவித்தார்கள் என்பதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பறையை விடுதலைக் கருவியாக மேடையேற்றியதும் நம் இயக்கம்தான், சாவுக்குப் பறையடிக்க மறுத்ததும் நம் இயக்கம்தான். 2023-இல் சிக்கபள்ளாப்பூரின் தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கும், 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ கொடுக்கப்பட்டபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் விருதைக் காட்டி ஒரு இளைஞனிடம் “இப்போ கௌரவம் வந்துடுச்சே, எடுத்து அடி” என்று சொல்லும் உரிமை எந்த மூத்த தோழருக்கும் கிடையாது. ஊர் சொல்லி அடித்தது கட்டாயம் என்றால், இயக்கம் சொல்லி அடிப்பது மட்டும் என்னவாம்?

குச்சி வேண்டாம் என்றதும் தாளம் கைக்கு வந்தது. ஒரு டேப்பு வாங்கினார்கள். வட்டச் சட்டம், ஒருபக்கம் மட்டும் பரப்பு, தோலுக்குப் பதில் பிளாஸ்டிக். ஓசூரின் மார்கழிக் குளிருக்குத் தோல் தொய்ந்துபோகும், அடிக்கடி நெருப்பில் காட்ட வேண்டும். பிளாஸ்டிக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. அதோடு அறையில் கிடந்த 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று.

பறையில் வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டு. கனமான அடி வலது, படபடக்கும் நிரவல் இடது. கையால் அடிக்கும்போதும் அந்த வேலைப் பிரிவை அவன் வைத்துக்கொண்டான். நான்கு ஒலிகள்தான். நடுவில் உள்ளங்கையால் ‘தும்’. விளிம்பில் விரலால் கணீரென்று ‘டன்’. விரித்த கையால் அறைந்து அப்படியே அழுத்திவிட்டால் ‘சட்’. இந்த மூன்றும் வலக்கைக்கு. இடக்கைக்கு விரல் நுனியில் மெதுவாக ஒரே ஒரு ‘க’. சிண்டு செய்த வேலையை இடது விரல்கள் செய்கின்றன.

இனி கணக்கு. ஆடுகிறவனின் கால் தரையில் விழுவதை ஒரு மிதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு நான்கு மிதி. ஒவ்வொரு மிதிக்குள்ளும் மூன்று சமமான கட்டம், ஆக 12 கட்டம். வேகமான அடி வேண்டுமென்றால் 12-ஐயும் நிரப்ப வேண்டும், வலது இடது என்று கை மாறி மாறி விழ வேண்டும். இங்கேதான் சிக்கல் வருகிறது. மூன்று என்பது ஒற்றைப்படை. முதல் மிதி வலக்கையில் தொடங்கினால் இரண்டாவது மிதி இடக்கையில் தொடங்கும். கனமான அடி விழவேண்டிய இடத்தில் பலமில்லாத கை வந்து நிற்கும். புதிதாக அடிப்பவர்கள் இதைச் சமாளிக்க வலது-இடது-இடது என்று அடிப்பார்கள். ஒவ்வொரு மிதியும் வலக்கையில் தொடங்கும், கேட்கவும் சரியாக இருக்கும். ஆனால் இடக்கை ஒவ்வொரு மிதியிலும் அடுத்தடுத்து இரண்டு அடிக்க வேண்டும். இரண்டாவது சரணத்துக்குள் முன்கை இறுகிவிடும். இறுகியதும் இரண்டாவது ‘க’ தாமதமாக விழத் தொடங்கும், தாளம் நொண்டும்.

தம்பி வேறு வழி பிடித்தான். கை மாறி மாறியே விழட்டும், இரண்டாவது மிதியும் நான்காவது மிதியும் இடக்கையிலேயே தொடங்கட்டும், அந்த இடத்தில் கனமே வேண்டாம் என்றான். அவன் கட்டிய சுற்று இதுதான்:

தும் க டன் | க டன் க | தும் க டன் | க சட் –

கடைசிக் கட்டம் வெற்று. முதலில் இதை மெதுவாக வாயால் சொல்லிப் பாருங்கள். பிறகு வலக்கை அடிகளை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். அவை 1, 3, 5, 7, 9, 11 ஆகிய கட்டங்களில் விழுகின்றன. இரண்டு கட்டத்துக்கு ஒன்று, சம இடைவெளியில், சுற்றுக்கு ஆறு. காலோ 1, 4, 7, 10-இல் விழுகிறது. மூன்று கட்டத்துக்கு ஒன்று, சுற்றுக்கு நான்கு. கால் இரண்டு வைக்கிற நேரத்தில் வலக்கை மூன்று வைக்கிறது. இரண்டும் சந்திப்பது 1-இலும் 7-இலும் மட்டும். அங்கேதான் ‘தும்’ இருக்கிறது. 4-இலும் 10-இலும் கால் விழும்போது மேளத்தில் மெல்லிய ‘க’ மட்டுமே. அந்த மிதியை மேளம் அடிக்கவில்லை, ஆடுகிறவனுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது.

இந்தத் தாளம் வேகமாகக் கேட்பதற்குக் காரணம் இந்த இரண்டு கணக்குகளும் ஒன்றோடொன்று உரசுவதுதான். கை பறக்கிறது என்று நினைத்தால் அது தவறு. நிமிடத்துக்கு 120 மிதி என்ற வேகத்தில் ஒரு சுற்று சரியாக 2 விநாடி. கட்டங்கள் விநாடிக்கு ஆறு ஓடுகின்றன, காதுக்கு அது சரசரவென்று கேட்கும். ஆனால் வலக்கை விநாடிக்கு மூன்றே அடி. நான்கு நிமிடப் பாட்டில் 120 சுற்று. வலக்கைக்கு 720 அடி, இடக்கைக்கு 600. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த உடம்பு இதைத் தாங்கும். அதையும் கணக்கில் வைத்துத்தான் கட்டினான். ரத்தத்தில் ஊறியிருந்தால் முன்கை இறுகுவதைப் பற்றி அவன் ஏன் கவலைப்பட வேண்டும்?

கானாவில் மேளம் சொல்லுக்கு வேலைக்காரன். சொல் கேட்கவில்லை என்றால் பாட்டே இல்லை. பல்லவியின் முதல் இரண்டு வரிகள் இவை:

ஷிப்டு மாறிப் போச்சு
சோறு ஆறிப் போச்சு

தமிழில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று. இந்த வரிகளை 12 கட்டத்தில் உட்கார வைத்தால் ஒவ்வொரு மிதியிலும் இரண்டும் ஒன்றுமாகத் தானாகப் பிரிகிறது: ஷிப் இரண்டு, டு ஒன்று; மா இரண்டு, றி ஒன்று; போச் இரண்டு, சு ஒன்று. நான்காவது மிதியில் பாடகருக்கு வேலை இல்லை, மூச்சு வாங்கலாம். அந்த வெற்றிடத்தில்தான் 11-ஆம் கட்டத்தின் ‘சட்’ விழுகிறது, பாடியதற்கு யாரோ “ஆமா” போட்டதுபோல. அதற்கடுத்த 12-ஆம் கட்டத்தில் மேளமும் மௌனம். அடுத்த வரி தொடங்கும் முன் காதைத் துடைத்துவிடுவது இந்த வெற்றுதான்.

மாறி, ஆறி என்று எதுகை விழும் இடம் எது? இரண்டாவது மிதி. மேளத்தில் அது ‘க டன் க’. ‘மா’வும் ‘றி’யும் பிறக்கும் 4, 6 இரண்டு கட்டங்களிலும் இடக்கையின் மெல்லிய ‘க’ மட்டும். ‘டன்’ விழுவது ‘மா’ இழுபடும் நடுவில், எழுத்து காதில் பதிந்த பிறகு. எதுகை மேளத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் தனியே நிற்கிறது. இதை முதலில் தற்செயல் என்றே எண்ணினேன். மூன்றாவது சரணத்தில் எதுகை மூன்றாம் மிதிக்குத் தள்ளிப்போனபோது அவன் அந்த ஒரு வரிக்கு மட்டும் 7-ஆம் கட்டத்தின் ‘தும்’மை எடுத்துவிட்டு அங்கே கையை நிறுத்தினான். ஏன் என்று கேட்டதற்கு, “அவன் சொல்றது கேக்கணும்ல” என்றான். யாப்பிலக்கணம் படித்தவர்கள் இதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

எவ்வளவு வேகம் என்பதில் குழுவுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. குத்துப்பாட்டு காலம் இது, 160 இல்லாவிட்டால் எவன் ஆடுவான் என்றார்கள் இரண்டு பேர். சரி, 160-இல் பாடிப் பாருங்கள் என்று விட்டோம். அந்த வேகத்தில் சுற்று 1.5 விநாடிக்குள் முடிந்துவிடுகிறது, ஒரு கட்டம் விநாடியில் எட்டில் ஒரு பங்கு. குறிலுக்கு அதுதான் கிடைக்கிற மொத்த நேரம். பாடகர் ‘றி’யை விழுங்கத் தொடங்கினார், “மார்ப்போச்சு, ஆர்ப்போச்சு” என்று வந்தது. சந்தம் இருந்தது, சோறு ஆறியது தெரியவில்லை. ஒரு கானா அளவுக்கு மீறி ஓடுகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் இந்தக் குறில் சாவுதான். 120-இல் தொடங்குவது, கடைசிச் சரணத்தில் 132-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். 20 விநாடியில் 10 சுற்று வந்தால் 120. 11 வந்தால் 132. கைபேசிக் கடிகாரம் போதும். ஆள் கூடினால் வேகம் தானே ஏறும். ஏறுவதைத் தடுக்க வேண்டியவன் இடக்கை. ‘க’ பலமாகிவிட்டால் வேகம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பலமாகும்போது இன்னொரு கேடும் உண்டு. 12 கட்டமும் ஒரே கனத்தில் கேட்கும், மூன்றுக்கு இரண்டு என்ற உரசல் மறைந்துபோகும், தகரக் கொட்டகையில் மழை பெய்த மாதிரி ஆகிவிடும்.

ஒத்திகையில் இருந்த கன்னடத் தோழர் ஒருவர் அத்திப்பள்ளிக்கு அந்தப்புறம், ஆனேக்கல் பக்கத்துக்காரர். தமட்டெ அடிக்கும் வீட்டிலிருந்து வந்தவர். அவருக்கு ‘ஷிப்டு’ தவிர பாட்டில் ஒரு சொல்லும் முதலில் புரியவில்லை, ஆனால் நான்காவது மிதியின் வெற்றில் சரியாகக் கைதட்டினார். அந்தக் கைதட்டல் பாட்டில் அப்படியே தங்கிவிட்டது. அது வேறொரு சிக்கலுக்கும் வழிகாட்டியது. தெருவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கி கனத்த ஒலியைத் தின்றுவிடும். டேப்பின் ‘தும்’ அதில் கரைந்துபோக, தூரத்தில் நிற்பவனுக்கு டன், க, சட் மட்டுமே போய்ச் சேரும். சுற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் அவன் 3-ஆம் கட்டத்தை முதல் மிதி என்று எடுத்துக்கொண்டு ஆடுவான், ஊரே ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். தண்ணீர் கேனை ‘தும்’மோடு சேர்த்தும் பயனில்லை, அதுவும் கனத்த ஒலிதான். சுற்றின் முதல் கட்டத்திலும் ஒரு கைதட்டல் சேர்த்தார்கள், பிரச்சினை தீர்ந்தது. கேனை மேடைக்கு முன்னால் நிற்பவர்களுக்காக வைத்துக்கொண்டார்கள்.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். விழா முடிந்து பாட்டைக் காணொளியாக்க ஒரு ‘முற்போக்கு’ இசையமைப்பாளர் முன்வந்தார். பதிவில் டேப்பைக் கேட்டுவிட்டு, அடி கொஞ்சம் ‘ரா’வாக இருக்கிறது, நான் புரோகிராம் பண்ணிவிடுகிறேன் என்றார். அவர் செயலியைத் திறந்தால் ஒரு சுற்றுக்கு 16 கட்டம். பெரும்பாலான தாளச் செயலிகள் அப்படித்தான் திறக்கும். நாலு நாலாக எண்ணும் இசைக்காகச் செய்த வீடு அது. 12-ஐ 16-க்குள் நுழைத்தால் என்ன ஆகும்? சம இடைவெளியில் விழுந்த வலக்கையின் ஆறு அடிகளும் பக்கத்தில் கிடைக்கும் கட்டத்துக்கு நகர்ந்து 1, 4, 6, 9, 12, 14 என்று உட்காரும். சமமாக இருந்த இடைவெளி மூன்று, இரண்டு, மூன்று என்று கோணலாகிறது. காலோடு உரசிக்கொண்டிருந்த ஓட்டம் போய், எங்கோ கேட்ட கடற்கரை விடுதிப் பாட்டின் சாயல் வந்துவிட்டது. அதைப் போட்டுக் காட்டி, “இப்போ டைட்டா இருக்குல்ல?” என்றார்.

செயலியைக் குறை சொல்ல நான் வரவில்லை. கட்ட எண்ணிக்கையை 12-க்கோ 24-க்கோ மாற்றினால் அதே செயலியில் இந்தச் சுற்று அப்படியே வரும், இடக்கையின் கனத்தை வலக்கையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து வைத்தால் போதும். மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, காரணம் எதிரே இருப்பது ஒரு கணக்கு என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஒரு கர்னாடக இசைக் கலைஞர் அனுப்பிய பதிவாக இருந்தால் இது எத்தனை அட்சரம் என்று முதலில் கேட்டிருப்பார். சிப்காட் தம்பி அனுப்பியதால், ஓசை பிடிக்கவில்லை என்று திருத்தத் தொடங்கினார்.

திருத்திய பதிப்பை நாங்கள் ஏற்கவில்லை. பழைய பதிவையே வைத்துக் காணொளி தயாரானது. பெயர்ப்பட்டியல் வந்தது. பாடல் வரிகள், குரல், ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, சுவரொட்டி வடிவமைப்பு, உணவு ஏற்பாடு வரை பெயர்கள் இருந்தன. தாளத்துக்கு நேராக ‘தோழர்கள்’ என்று இருந்தது. உணவு ஏற்பாடு செய்தவருக்குப் பெயர் இருக்கிறது, இவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். தோழமைக்குள் பெயர் எதற்கு, இது வணிகப் படமா என்று பதில் வந்தது.

இந்தப் பதில்தான் எனக்குச் சபா ரசிகரின் இளக்காரத்தைவிட ஆபத்தானதாகத் தெரிகிறது. ஒருவன் பெயரை எடுக்கும்போது மட்டும் நாம் கூட்டாகிவிடுகிறோம். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல்முறை மேடையேறியபோது அங்கே நடந்ததை நினைத்துப் பாருங்கள். இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தது. சட்டியும் கட்டமோளமும் பறையும் தவிலும் வாசித்தவர்கள் கிட்டார்காரரோடும் டிரம்ஸ்காரரோடும் ஒரே வரிசையில், அதே கோட்டு சூட்டில் நின்றார்கள். யார் எதை வாசிக்கிறார் என்று பெயரோடு அறியப்பட்டார்கள். கூட்டு என்ற சொல்லைப் பெயரிலேயே வைத்திருந்த குழு அது. அவர்களுக்குப் பெயர் போடுவது கூட்டுக்கு எதிராகத் தெரியவில்லை.

தோழமை பேசுகிறவர்களுக்குச் சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1994 திருத்தத்திலிருந்து நிகழ்த்துநர் உரிமையை அங்கீகரிக்கிறது. வாத்தியம் வாசிக்கிறவரும் நிகழ்த்துநர்தான். 2012 திருத்தத்தில் சேர்ந்த 38பி பிரிவு, தன் நிகழ்த்துதலுக்குத் தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை அவருக்குக் கொடுக்கிறது. இந்த உரிமையைக் கேட்டு ஒரு ஒப்பந்தத் தொழிலாளி இயக்கத் தோழர் மேல் வழக்குப் போடப்போவதில்லை. போடமாட்டான் என்ற தைரியத்தில்தானே பட்டியலில் ‘தோழர்கள்’ என்று எழுதினீர்கள்?

நான் கேட்பது பெரிய விஷயமல்ல. கானா போடுகிற நம் குழுக்கள், நம் பதிப்பகங்கள், நம் யூடியூப் சேனல்கள் எல்லாம் பாடல் வரிக்குக் கீழே தாள அமைப்பு என்று ஒரு வரி சேர்க்கட்டும். வாசித்தவர் வேறு, கட்டியவர் வேறு என்றால் இரண்டு பெயர். பாடலாசிரியருக்குப் பணம் கொடுத்தால் தாளம் கட்டியவருக்கும் கொடுங்கள். பாடலாசிரியருக்கும் கொடுக்கவில்லை என்றால் அது வேறு சண்டை, அதையும் போடலாம். கூடவே அந்தச் சுற்றை எழுதி வையுங்கள், நான் மேலே எழுதியதுபோல ஒரே ஒரு வரியில். எழுதினால் அடுத்த ஊரில் ஒரு பெண் அதை எடுத்துப் பழகலாம், பிடிக்கவில்லை என்றால் மாற்றலாம். எந்தத் தெருவில் பிறந்தவர் என்று அந்த வரி கேட்காது.

ஓசூர்க் காணொளியில் இப்போது ‘தாள அமைப்பு, டேப்பு’ என்று அந்தத் தம்பியின் பெயரும், ‘கைதட்டு’ என்று ஆனேக்கல் தோழரின் பெயரும் இருக்கின்றன. இரண்டு வார இழுபறிக்குப் பிறகு வந்தது. மூத்த தோழருக்கு இன்னும் பறை இல்லாதது குறைதான், பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். தம்பி அடுத்த பாட்டுக்கு ஐந்தைந்தாக எண்ணி ஒரு சுற்று போட்டுக்கொண்டிருக்கிறான். ஐந்தும் ஒற்றைப்படை என்பதால் பழைய சிக்கல் திரும்பி வந்திருக்கிறது; இந்த முறை இடக்கைக்கும் ஒரு ‘டன்’ கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசிக்கிறான்.